பாதி கன்ஃபர்ம், பாதி வெயிட்டிங்: ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு போகும்?

"டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போறோம். எழும்பூர்லேர்ந்து மதுரைக்கு தேர்ட் ஏசி, நாலு பேருக்கும் ஒரே டிக்கெட். ரெண்டு பேர் கன்ஃபர்ம், ஒருத்தர் ஆர்ஏசி, ஒருத்தர் இன்னும் வெயிட்டிங். சார்ட் வந்த பிறகும் இப்படியே இருந்தா கேன்சல் பண்ணிடலாம்னு யோசிக்கிறோம். எவ்வளவு பிடிப்பாங்க? இல்ல, மூணு பேர் மட்டும் போனா வெயிட்டிங்ல இருக்கறவரோட காசு தானா திரும்பி வந்துருமா?"

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வராது. ஒரே பிஎன்ஆரில் ஒருவருக்காவது கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி கிடைத்திருந்தால், மீதி வெயிட்டிங் ஆட்களின் பணம் தானாகத் திரும்பாது. இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் இருக்கும் அத்தனை பேரும் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே நின்றால்தான் ரயில்வே தானே ரத்து செய்து பணத்தை அனுப்பும். உங்களுடையது கலப்பு டிக்கெட். அதனால் வெயிட்டிங்கில் இருப்பவரின் பெயரும் சார்ட்டில் ஏறிவிடும், படுக்கை மட்டும் இருக்காது. பெயர் ஏறிவிட்டதால் கணினிக்கு அவர் பயணம் செய்தவர் மாதிரிதான். அவர் வரவில்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

முதல் கேள்விக்கான பதில் நல்ல செய்தி. நான்கு பேரும் போகவில்லை என்று மொத்த டிக்கெட்டையும் விட்டுவிட்டால், வண்டி கிளம்ப வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் முன்பு வரைக்கும், கன்ஃபர்ம் ஆன இரண்டு பேருக்கும் சேர்த்து, தலைக்கு 60 ரூபாய்தான் பிடிப்பார்கள். ஏசி வகுப்பு என்பதால் அதன் மேல் கொஞ்சம் ஜிஎஸ்டி. நாலு பேருக்கு 240 ரூபாய், நம் சிங்கப்பூர்க் காசில் நாலு வெள்ளி கூட வராது. இது பலருக்குத் தெரியாது. "கன்ஃபர்ம் ஆயிடுச்சே, இனிமே கேன்சல் பண்ணா பாதி போயிடும்" என்று பயந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரிய, சாதாரணக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுவோம். 2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, முழுக்க கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் தலைக்கு ஒரு நிலையான தொகை பிடித்தார்கள்: தேர்ட் ஏசிக்கு 180, செகண்ட் ஏசிக்கு 200, ஃபர்ஸ்ட் ஏசிக்கு 240, ஸ்லீப்பருக்கு 120 ரூபாய். 48 மணியிலிருந்து 12 மணி வரை கட்டணத்தில் கால் பங்கு. 12 மணியிலிருந்து 4 மணி வரை பாதி. 4 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் ஒன்றுமே கிடையாது. கால் பங்கு, பாதி என்று சொன்னாலும், அது அந்த நிலையான தொகையை விடக் குறைவாக வந்தால் நிலையான தொகையைத்தான் எடுப்பார்கள். 400 ரூபாய் ஸ்லீப்பர் டிக்கெட்டில் கால் பங்கு 100தான், ஆனால் 120 போகும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ரயில்வே மாற்ற நினைத்தால் முதலில் கை வைப்பது இந்த மணி எல்லைகளில்தான். வந்தே பாரத் ஸ்லீப்பர் வண்டிகளுக்கு 2026 ஜனவரியில் 72 மணி, 8 மணி என்று தனி எல்லைகளே வந்துவிட்டன, அதில் நிலையான தொகை என்ற பேச்சே இல்லை, எவ்வளவு சீக்கிரம் ரத்து செய்தாலும் கால் பங்கு போகும். அதனால் டிக்கெட் எடுக்கும் நாளில் irctc.co.in தளத்தில் ரத்து விதிகள் பக்கத்தைத் திறந்து, உங்கள் வண்டிக்கு என்ன எல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எண் மாறியிருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

சரி, உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க ஒருவருக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், ஜிஎஸ்டியை ஒதுக்கிவிடுகிறேன். வண்டி வெள்ளிக்கிழமை இரவு 9:40க்குக் கிளம்புகிறது என்போம். நாலு பேரும் கன்ஃபர்மாக இருந்தால், அந்த 2015 எல்லைகளின்படி, புதன் இரவு 9:40 வரை ரத்து செய்தால் 720 ரூபாய் போகும், வெள்ளி காலை 9:40 வரை என்றால் 1,000, மாலை 5:40 வரை என்றால் 2,000, அதற்கு அப்புறம் முழு 4,000மும் போச்சு. இதுவே கலப்பு டிக்கெட்டாக இருந்தால், வெள்ளி இரவு 9:10 வரைக்கும் வெறும் 240. அதாவது இரவு 9 மணிக்கு எழும்பூர் நடைமேடையில் நின்றுகொண்டு மனசு மாறினாலும் 3,760 ரூபாய் உங்களுடையது.

ஆனால் இதற்கு ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது, அதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். மொத்த டிக்கெட்டும் ஒரே முடிவாக ரத்தாக வேண்டும். நடப்பது என்ன தெரியுமா? இரண்டு நாள் முன்னாடி வெயிட்டிங் பெயரைப் பார்த்ததும் பதறி, "இது எப்படியும் ஆகாது" என்று அந்த ஒருவரை மட்டும் ரத்து செய்கிறார்கள். அடுத்த நாள் ஆர்ஏசியையும் எடுத்துவிடுகிறார்கள். இப்போது பிஎன்ஆரில் மீதி இருப்பது இரண்டு கன்ஃபர்ம் ஆட்கள் மட்டும். டிக்கெட் கலப்பு என்ற தகுதியை இழந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு "குழந்தைகள் இல்லாமல் நாம் மட்டும் எதுக்கு, கார் பிடிச்சு எல்லாரும் சேர்ந்தே போயிடலாம்" என்று முடிவெடுத்தால் அந்த இரண்டு பேரின் 2,000 ரூபாயில் பைசா வராது. முன்னால் போன 120ஐயும் சேர்த்தால் 2,120. கையை வைக்காமல் விட்டிருந்தால் 240 மட்டும்தான்.

ஆகவே வெயிட்டிங் பெயரை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் கேட்க வேண்டியது இதுதான்: அவர் இல்லாமல் மீதிப் பேர் நிச்சயம் போவோமா? நிச்சயம் போவோம் என்றால், சார்ட் வருவதற்கு முன்பே அந்த ஒருவரை மட்டும் இணையத்தில் ரத்து செய்துவிடுங்கள். 60 ரூபாயோடு முடிந்துவிடும், பின்னால் எந்த அலைச்சலும் இல்லை. உங்கள் விஷயத்தில் அவரை எடுத்த பிறகும் ஆர்ஏசி ஒருவர் மிச்சம் இருப்பதால் டிக்கெட் இன்னும் கலப்பாகவே இருக்கும், ஏனென்றால் விதியில் வெயிட்டிங்கோடு ஆர்ஏசியும் சேர்த்தி. ஆனால் அந்த ஆர்ஏசியும் கன்ஃபர்ம் ஆகிவிட்டால் கதை முடிந்தது. பார்க்க வேண்டியது டிக்கெட் எடுத்தபோது இருந்த நிலையை அல்ல, ரத்து செய்யும் நேரத்தில் இருக்கும் நிலையை. நாலு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படும் அதே நொடியில் உங்கள் 240 ரூபாய்ச் சலுகையும் காணாமல் போகிறது, சாதாரண மணிக்கணக்கு ஆரம்பித்துவிடுகிறது.

போவோமா மாட்டோமா என்று தெரியவில்லை என்றால், எதையும் தொடாமல் சார்ட் வரும்வரை காத்திருப்பதுதான் என் யோசனை. முன்பெல்லாம் சார்ட் வண்டிக்கு 4 மணி நேரம் முன்னால்தான் வரும், வெளியூர்க்காரர்களுக்கு அது பெரிய இம்சை. 2025 ஜூலையிலிருந்து 8 மணி நேரம் முன்பு என்று ஆக்கினார்கள், அந்த டிசம்பரில் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி 10 மணி நேரம் என்றார்கள். இரவு 9:40 வண்டிக்கு இந்திய நேரம் காலை 11:40 சுமாருக்கு உங்கள் நிலை தெரிந்துவிடும். சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 2:10.

அன்றைக்கே விமானம் ஏறி அன்றிரவே ரயில் பிடிக்கிறவராக இருந்தால் இந்த நேரம் ரொம்ப முக்கியம். சாங்கியிலிருந்து மாலை 5 மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு நாலு மணி நேரம், இறங்கும்போது அங்கே மாலை 6:30. பெட்டி வாங்கி வெளியே வர 7:30 ஆகிவிடும், எழும்பூர் போய்ச் சேரும் அவசரத்தில் யார் கைப்பேசியைப் பிரித்து விண்ணப்பம் போடுவது? சார்ட் நிலவரம் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வந்துவிடுகிறது, முடிவை அங்கேயே எடுத்துவிடலாம். குறைந்தபட்சம் செக்-இன் முடித்து உட்கார்ந்திருக்கும்போது. அப்படி முடியாதென்றால் ஊரில் இருக்கும் யாராவது ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், ஆனால் எந்தக் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்தீர்களோ அந்தக் கணக்கில் நுழைந்துதான் செய்ய முடியும் என்பது நினைவில் இருக்கட்டும்.

இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். எல்லா எல்லைகளும் இந்திய நேரப்படிதான். புதன் இரவு 9:40 என்பது நமக்கு வியாழன் பிறந்து 12:10. இது நமக்குச் சாதகம்தான், நேரம் இருக்கிறது. ஆனால் "அப்புறம் தூங்கும் முன்னாடி பார்த்துக்கலாம்" என்று ராத்திரி 2 மணிக்கு மேல் உட்கார்ந்தால், இந்தியாவில் 11:45லிருந்து 12:20 வரை, அதாவது நம் 2:15லிருந்து 2:50 வரை, தளமே மூடியிருக்கும். நள்ளிரவில் எல்லை முடிகிற வண்டியாக இருந்தால் இந்த அரைமணியைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இனி சார்ட் வந்த பிறகு என்ன செய்வது. அதுவரை இருந்த ரத்துப் பொத்தான் அதன் பிறகு வேலை செய்யாது. அதற்குப் பதில் டிடிஆர், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட வேண்டும். தளத்தில் நுழைந்து My Transactions பகுதிக்குப் போனால் `File TDR` என்று இருக்கும், அதில் உங்கள் பிஎன்ஆரைத் தேர்ந்தெடுத்து, நாலு பெயர்களையும் டிக் செய்து, காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணப் பட்டியல் நீளமானது. கலப்பு டிக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு வரிகள் இருக்கும்: குழுவில் ஒரு பகுதிக்கு மட்டும் இடம் கிடைத்து, யாருமே பயணம் செய்யவில்லை என்பது ஒன்று. வெயிட்டிங் ஆட்கள் மட்டும் பயணம் செய்யவில்லை என்பது இன்னொன்று. நீங்கள் மொத்தமாக விடுகிறீர்கள் என்றால் முதலாவது. அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் இரண்டு பேரின் கன்ஃபர்ம் பணம் கேள்விக்குறியாகிவிடும். பொதுவாக "பயணி பயணம் செய்யவில்லை" என்று இருக்கும் வரியையும் தொடாதீர்கள். வண்டி கிளம்ப 30 நிமிடம் முன்பு என்ற எல்லை இதற்கும் உண்டு. டிடிஆர் பணம் உடனே வராது, அந்த வண்டியின் ரயில்வே சார்ட்டைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வரும், பொறுமை வேண்டும்.

மூன்று பேர் ஏறி, வெயிட்டிங் ஆள் மட்டும் வராத நிலை இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் சிரமமானது. சார்ட்டுக்கு முன்பே அவரை ரத்து செய்யாமல் விட்டிருந்தால், வண்டியில் டிடிஇ வந்ததும் "இந்தப் பெயர் வரவில்லை" என்று சொல்லி எழுத்தில் ஒரு சான்று வாங்க வேண்டும். அவர் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருப்பார், அடுத்த ரவுண்டில் தருகிறேன் என்பார், நீங்கள் தூங்கிவிடுவீர்கள். டிக்கெட் சரிபார்க்கும் அந்த நிமிடத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் வண்டி நீங்கள் இறங்கும் ஊரைச் சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் டிடிஆர் போட வேண்டும், அந்தச் சான்றின் அசலை டில்லியில் இருக்கும் ஐஆர்சிடிசி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். லீவில் ஊருக்குப் போய் முதல் மூன்று நாளில் தபால் நிலையம் தேடுவது நடக்கிற காரியமா என்று நீங்களே சொல்லுங்கள். அனுப்பும் முன் சான்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்காக இவ்வளவும் செய்யலாமா என்பது அவரவர் இஷ்டம், நான் என்றால் சார்ட்டுக்கு முன்பே 60 ரூபாய் கொடுத்து விஷயத்தை முடித்திருப்பேன்.

ஒன்று கவனித்தீர்களா, எல்லாப் பெயரையும் ஒரே டிக்கெட்டில் போடுவதா, பிரித்துப் போடுவதா என்ற முடிவு டிக்கெட் எடுக்கும்போதே இந்தக் கணக்கை முக்கால்வாசி தீர்மானித்துவிடுகிறது. போனால் எல்லாரும், இல்லாவிட்டால் யாருமில்லை என்கிற குடும்பத்துக்கு ஒரே பிஎன்ஆர்தான் லாபம், ஒரே ஒரு வெயிட்டிங் பெயர் மொத்தக் குடும்பத்தின் பணத்தையும் கடைசி வரை காப்பாற்றும். தனித்தனியாகப் போகத் தயங்காதவர்கள், சித்தப்பா ஒரு வண்டியில் நாங்கள் ஒரு வண்டியில் என்பவர்கள், பிரித்து எடுத்தால் நல்லது. முழுக்க வெயிட்டிங்கில் நிற்கும் பிஎன்ஆர் தானே ரத்தாகிப் பணம் வந்துவிடும், சான்று தபால் எதுவும் வேண்டாம். முழு வெயிட்டிங் இ-டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் உண்டு. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், முன்பதிவு படிவத்தில் உறுதியான இடம் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்யலாம். 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்காருபவர்களுக்கு அது சரிப்படும், பொங்கல் வாரத்தில் கடைசி நேரத்தில் தேடுபவர்களுக்குச் சரிப்படாது.

ஆர்ஏசி பற்றியும் ஒரு வார்த்தை. நாலு பேருமே ஆர்ஏசியில் நின்றாலும் அது தானாக ரத்தாகாது, ஏனென்றால் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாமென்றால் அதே 30 நிமிட எல்லைக்குள் நீங்கள்தான் டிடிஆர் போட வேண்டும், அதே 60 ரூபாய். வெயிட்டிங் மாதிரி தானா வரும் என்று இருந்துவிட்டு முழுப் பணத்தையும் விட்டவர்கள் உண்டு.

ஊரில் மாமாவோ மச்சானோ ஸ்டேஷன் கவுண்டரில் வாங்கிக் கொடுத்த காகித டிக்கெட் என்றால் அங்கே எதுவுமே தானாக நடக்காது. முழு வெயிட்டிங் என்றாலும் வண்டி கிளம்ப 30 நிமிடம் முன்புக்குள் நீங்களாக ரத்து செய்தால்தான் பணம். டிக்கெட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கைப்பையில் இங்கே இருந்தால் அங்கே யாரும் பணத்தை வாங்க முடியாது. தட்கலில் கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டுக்கு எந்த நேரத்தில் ரத்து செய்தாலும் திரும்ப ஒன்றும் இல்லை, அதனால் விமான நேரம் உறுதியாகாமல் தட்கல் எடுக்காதீர்கள்.

பணம் எங்கே வரும் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அங்கேதான் போகும். மச்சான் தன் யுபிஐயில் கட்டியிருந்தால் மச்சானுக்குத்தான், நீங்கள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பதிவின்போது டிக்கெட்டுக்கு ஒன்று என்று எடுத்த தளச் சேவைக் கட்டணம், ஏசிக்கு 30 ரூபாயும் வரியும், யுபிஐ என்றால் 20, அது எந்த நிலையிலும் திரும்பாது. வந்த தொகையில் ஐம்பதுக்குள் இடித்தால் அது இதுதான், சண்டைக்குப் போக வேண்டாம்.

கடைசியாக விமானத் தாமதம். சிங்கப்பூரிலிருந்து விமானம் தாமதமாகி வண்டியைத் தவறவிட்டால் ரயில்வே அதைக் கணக்கில் எடுக்காது. வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அதனால் நீங்கள் ஏறாமல் விட்டால் மட்டும் முழுப் பணம் உண்டு, அதற்கும் வண்டி நிஜமாகக் கிளம்பும் முன் டிடிஆர் போட்டிருக்க வேண்டும். வண்டியையே ரயில்வே ரத்து செய்துவிட்டால் இ-டிக்கெட்டுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, முழுதும் தானே வரும். விமானம் தாமதம் என்று சாங்கியிலேயே தெரிந்துவிட்டால் உடனே பிஎன்ஆரைத் திறந்து பாருங்கள், இன்னும் ஒரு பெயராவது ஆர்ஏசியிலோ வெயிட்டிங்கிலோ நின்றால் விமானத்தில் ஏறும் முன்பே நாலு பேருக்கும் டிடிஆர் போட்டுவிடுங்கள்.